[சொல்லாக்கம்] ஆல்ரெடி, யெட், ஸ்டில்: இந்த வகைச் சொற்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும்

அனுப்பியவர்: கயல்விழி

வணக்கம்.

மென்பொருள் தமிழாக்கத்துக்கான நடைக்கையேட்டில் வினையடைகள் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆல்ரெடி, யெட், ஸ்டில் மூன்றும் ஒரே குடும்பம். ஒரு நிலை வந்துவிட்டதா, வரவேண்டியிருக்கிறதா, வந்தது நீடிக்கிறதா என்பதைத்தான் மூன்றும் சொல்கின்றன. இவற்றை ஒரே தலைப்பின்கீழ் வைக்க ஒரு கலைச்சொல் தேவை. 'கால வினையடை' என்றால் நேற்று, நாளை, அடிக்கடி எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆங்கில இலக்கண நூல்களில் 'ஃபேஸல்' என்ற அடைமொழி இருப்பதால் 'கட்ட அடை' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

பேசுவதற்கு வசதியாக, கிட் காட்டும் மூன்று செய்திகள்:

```
Already up to date.
No commits yet
All conflicts fixed but you are still merging.
```

பெயரோடு, இவற்றின் தமிழும் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

அனுப்பியவர்: பாஸ்கரன்

'யெட்' என்பதற்கு 'ஆயினும்', 'இருப்பினும்' என்று ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கின்றனவே? அது இணைப்புச்சொல். அதை ஆல்ரெடியோடு ஏன் சேர்க்கிறீர்கள் என்று விளங்கவில்லை.

அனுப்பியவர்: கயல்விழி

பாஸ்கரன் ஐயா, நீங்கள் சொல்வது வாக்கியத்தின் தொடக்கத்திலோ இரண்டு அடைகளுக்கு நடுவிலோ வரும் யெட். இங்கே கேட்பது எதிர்மறையிலும் கேள்வியிலும், பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வரும் யெட். இடத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். மேலே உள்ள இரண்டாம் செய்தியில் அது கடைசியில் நிற்கிறது, முன்னால் ஒரு 'நோ' இருக்கிறது. அங்கே 'ஆயினும்' பொருந்தாது.

அனுப்பியவர்: முருகவேல்

பெயர் எதுவானாலும் விதி எளிது. ஆல்ரெடியும் யெட்டும் 'ஹேவ்' வரும் நிறைவுக்காலத்தோடுதான் வரும். தமிழில் அதற்கு 'விட்டது'. ஸ்டில் தொடர்காலத்தோடு வரும், அதற்குக் 'கொண்டிருக்கிறது'. தமிழில் சொல்வரிசை கட்டற்றது என்பதால் இடம் பற்றிக் கையேட்டில் எழுதவே தேவையில்லை. 'நிறைவு அடை', 'தொடர் அடை' என்று இரண்டு பெயர் வைத்தால் போதும்.

அனுப்பியவர்: அருள்மொழி

முருகவேல் சொன்னதில் முதல் பாதி பள்ளிப் பயிற்சிக்குச் சரி. நிறைவுக்காலம் இந்தச் சொற்களுக்கு அடிக்கடி வரும் துணைதான். ஆனால் அதுவே விதி ஆகாது. அமெரிக்கப் பேச்சில் 'டிட் யூ ஈட் யெட்', 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று சாதாரண இறந்தகாலமே வரும். அதைவிட முக்கியமாக, நாம் மொழிபெயர்க்கும் செய்திகளில் பெரும்பாலும் நிறைவுக்காலமே இருக்காது. ஃபயர்ஃபாக்ஸ் காட்டும் இந்த வரியைப் பாருங்கள்:

```
Firefox is already running, but is not responding.
```

இங்கே ஆல்ரெடியோடு இருப்பது நிகழ்காலத் தொடர். உங்கள் விதிப்படி 'ஏற்கெனவே இயங்கிவிட்டது' என்று எழுதினால், இயங்கி முடிந்துவிட்டது என்று பொருள்படும். படிப்பவர் மறுபடியும் திறக்கப் பார்ப்பார். செய்தியோ, திறந்த நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மூடு என்று சொல்ல வந்தது. 'ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது' என்பதுதான் சரி. ஆக, தமிழ் வினைமுற்றை முடிவு செய்வது ஆல்ரெடி அல்ல, அதனோடு வரும் வினை. ஒரு செயல் முடிந்திருந்தால் 'விட்டது', ஒரு நிலை இருந்தால் 'உள்ளது', ஓட்டம் இருந்தால் 'கொண்டிருக்கிறது'. கிட்டின் முதல் செய்தி நிலை. அதனால் 'ஏற்கெனவே இற்றைநிலையில் உள்ளது'.

ஸ்டில்லைத் தொடர்காலத்தோடு கட்டிப்போடுவதில் இன்னொரு சிக்கல். கிட்டின் மூன்றாம் செய்தியைச் சொல்லுக்குச் சொல் போட்டால் 'நீங்கள் இன்னும் இணைத்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்று வரும். அதைப் படிப்பவர், ஏதோ ஓடுகிறது, முடியட்டும் என்று காத்திருப்பார். உண்மையில் அந்த நேரத்தில் எதுவும் ஓடவில்லை. முரண்களைத் தீர்த்தாகிவிட்டது, `git commit` கொடுத்தால்தான் இணைப்பு முடியும். செய்திக்கு அடுத்த வரியே அதைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் உடன்பாட்டில் இருப்பதைத் தமிழில் எதிர்மறையாகத் திருப்பவேண்டும்: 'முரண்கள் எல்லாம் தீர்ந்தன, ஆனால் இணைப்பு இன்னும் முடியவில்லை'. ஆங்கிலத்தின் 'நீடிக்கிறது' தமிழில் 'முடியவில்லை' ஆகிறது. இது ஓட்டமா, காத்திருப்பா என்று செய்தி எழும் இடத்தைப் பார்க்காமல் ஸ்டில்லை மொழிபெயர்க்கக் கூடாது.

அனுப்பியவர்: தேன்மொழி

ஒரு சந்தேகம். எங்கள் கோப்பு மேலாளர் செயலியில் இந்தச் சரம் இருக்கிறது:

```
%d files are still in the trash
```

'இன்னும் %d கோப்புகள் குப்பைத்தொட்டியில் உள்ளன' என்று போட்டோம். ஒரு பயனர், 'நான் 3 கோப்புகளைத்தான் நீக்கினேன், இன்னும் 3 எங்கிருந்து வந்தன' என்று கேட்டு எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில்தான் பிழை என்று நிரலைத் தேடினோம், நிரல் சரியாகவே இருக்கிறது.

அனுப்பியவர்: அருள்மொழி

தேன்மொழி, பிழை நிரலில் இல்லை, 'இன்னும்' நிற்கும் இடத்தில் இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் வரும் இன்னும் 'மேலும்' என்ற பொருளைத் தந்துவிடும். 'இன்னும் 2 தோசை' என்றால் யாரும் பழைய தோசையை நினைப்பதில்லை. வினைக்கு அருகே கொண்டுபோங்கள்: '%d கோப்புகள் குப்பைத்தொட்டியில் இன்னும் உள்ளன'. இப்போது நீடிப்பு மட்டும்தான் பொருள்.

முருகவேல், தமிழில் இடம் முக்கியமில்லை என்ற கருத்துக்கு இதுவே பதில். ஆங்கிலத்தில் ஸ்டில்லும் ஆல்ரெடியும் முதல் துணைவினைக்குப் பின்னால், முதன்மை வினைக்கு முன்னால் நிற்கும். 'பீ' வினை தனியாக வந்தால் அதற்குப் பின்னால். எதிர்மறைத் துணைவினை வந்தால் ஸ்டில் மட்டும் அதற்கு முன்னால் தாவிவிடும்: 'ஸ்டில் ஹேஸன்ட்'. யெட் கடைசிக்குப் போகும், எழுத்துநடையில் 'நாட்' என்பதை ஒட்டி வரும். தமிழுக்கு இவ்வளவு விதி வேண்டாம். எண் இருந்தால் இன்னும் அதற்குப் பின்னால், வினைக்கு அருகே என்ற ஒன்று போதும்.

அனுப்பியவர்: முருகவேல்

எண்ணுக்கு முன் வருவதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஆங்கிலத்தில் இடம் மாறும்போது நம் சொல்லும் மாறவேண்டுமா?

அனுப்பியவர்: அருள்மொழி

சில இடங்களில் கட்டாயம் மாறவேண்டும். ஆல்ரெடி நடுவில் இருந்தால் பெரும்பாலும் 'ஏற்கெனவே'. கடைசிக்குப் போய், அதுவும் கேள்வியாக வந்தால், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் என்ற வியப்பு. 'ஆர் யூ லீவிங் ஆல்ரெடி?' என்பதை 'ஏற்கெனவே கிளம்புகிறீர்களா?' என்று எழுதினால் தமிழே அல்ல. வீட்டில் நாம் கேட்பது 'அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?' ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் செய்வதைத் தமிழ் இரண்டு சொற்களால் செய்கிறது. கையேட்டில் 'அதற்குள்' இல்லாமல் இந்தப் பகுதி முழுமையாகாது.

யெட் கேள்வியிலும் கவனம் வேண்டும். பதிவிறக்கம் முடிந்ததா என்று கேட்கும் யெட்டுக்குத் தமிழில் தனிச்சொல்லே வேண்டாம், 'முடிந்துவிட்டதா?' போதும். 'இன்னும் முடிந்ததா?' என்று இன்னும் சேர்த்தால் வாக்கியம் உடைகிறது, ஏனென்றால் முடிந்துபோகும் வினையோடு வரும் இன்னும் எதிர்மறையைக் கேட்கும். எதிர்மறையாக்கி 'இன்னும் முடியவில்லையா?' என்றால் இலக்கணம் சரி, ஆனால் குரலில் பொறுமையின்மை ஏறிவிடும். ஆங்கிலத்தில் அந்தக் குரலைத் தருவது 'ஸ்டில் ஹேஸன்ட்'. பயனரிடம் மென்பொருள் அப்படிக் கேட்கக் கூடாது.

அனுப்பியவர்: கயல்விழி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. பெயருக்கு வருவோம். 'கட்ட அடை'யைக் கைவிடுகிறேன். 'வீடு கட்ட' என்பதில் வரும் 'கட்ட' போலப் படிக்கப்படுகிறது, இடைமுகத்தில் 'கட்டம்' என்றால் பெட்டி. 'எதிர்நோக்கு அடை' எப்படி?

அனுப்பியவர்: பாஸ்கரன்

இப்போது கேள்வி புரிந்தது. எதிர்நோக்கு என்பது வராத ஒன்றுக்குத்தான் பொருந்தும். அது யெட்டுக்குச் சரி, குப்பைத்தொட்டியில் கிடக்கும் கோப்புக்கு என்ன எதிர்நோக்கு? தவிர, 'அடை' எதற்கு? 'இன்னும்' என்பதிலேயே உம்மை இருக்கிறது. தொல்காப்பியம் உம்மைக்குச் சொல்லும் எட்டுப் பொருளில் எச்சம் முதலாவது. இடைச்சொல் மரபோடு சேர்த்துப் பெயரிடுங்கள்.

அனுப்பியவர்: அருள்மொழி

எதிர்நோக்கு பற்றி ஐயா சொன்னது சரி. நான் 'நிலைமாற்ற அடை'யை முன்வைக்கிறேன். ஜெர்மன் மொழியின் 'ஷோன்', 'நோக்' சொற்களைப் பற்றி லோப்னர் 1989இல் எழுதிய கட்டுரையில் இந்தக் குடும்பத்தின் உறவு தெளிவாக இருக்கிறது. ஆல்ரெடியை மறுத்தால் நாட் யெட் கிடைக்கும். ஸ்டில்லை மறுத்தால் நோ லாங்கர் கிடைக்கும். நான்கிலும் ஒரு நிலை மாறும் எல்லை இருக்கிறது, பேசுபவர் அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் வேறுபாடு. உங்களுடைய மூன்று சொற்களோடு நான்காவதையும் அந்தப் பெயர் தாங்கும்.

உம்மை பற்றி: இன்னும் என்பதற்குப் பொருந்துகிறது, ஆனால் 'ஏற்கெனவே'யிலும் 'அதற்குள்'ளிலும் உம்மை இல்லையே.

அனுப்பியவர்: முருகவேல்

ஸ்டில் மாற்றம் இல்லை என்றுதானே சொல்கிறது? அதை 'நிலைமாற்ற' என்றால் படிப்பவர் குழம்பமாட்டாரா?

அனுப்பியவர்: அருள்மொழி

குழம்பலாம். ஆனால் மாறக்கூடும் என்ற நினைப்பு இல்லாத இடத்தில் ஸ்டில் வராது. 'இரண்டும் இரண்டும் இன்னும் நான்கு' என்று சும்மா சொல்வதில்லை.

அனுப்பியவர்: கயல்விழி

'நிலைமாற்ற அடை' என்று வரைவில் போடுகிறேன். முருகவேலின் மறுப்பையும் பாஸ்கரன் ஐயாவின் இடைச்சொல் கருத்தையும் பக்கத்துக் குறிப்பாக வைக்கிறேன், இரண்டு வாரம் பார்ப்போம்.

நான்காவது சொல்லில் ஒரு முடிச்சு இருக்கிறது. 'இந்தக் கோப்பு இனி இல்லை' என்றால் இனிமேல் இருக்காது என்று எதிர்காலத்தைக் காட்டுகிறது. 'இப்போது இல்லை' என்றால் முன்பு இருந்தது என்பது மறைந்துவிடுகிறது, நாளை வரும் என்றும் தோன்றும். 'இருந்த கோப்பு இப்போது இல்லை' என்பது பொருளைக் காக்கிறது, ஆனால் பொத்தான் அகலத்துக்குள் அடங்காது. இதற்குக் குறுகிய வடிவம் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.