தீபாவளி இனிப்பும் அமுச்சி வைத்த பங்கும்

வடக்குத் தோட்டம், தோகாவிலிருந்து:

செயலாளர் மாமாவுக்கு வணக்கம். ஊர்ப் பிள்ளைகளின் தீபாவளி இனிப்புக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கேட்டிருக்கிறீர்கள், தருகிறேன். ஆனால் சென்ற ஆண்டு ஊருக்குப் போன என் தங்கை கண்டதைக் கேளுங்கள். மாரியம்மன் கோயில் திண்ணையில் பெட்டிகளை வைத்ததும் பெரிய பையன்கள் முண்டியடித்து இரண்டிரண்டாக எடுத்துவிட்டார்கள். கைப்பிள்ளைக்காரிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

எங்கள் அமுச்சி இருந்தால் விட்டிருப்பாரா? பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். சின்னவனுக்கு வயது 2, பெரியண்ணனுக்கு 19. ஒரு நோம்பிக்கு வெல்லம் கூடிப்போய் முதல் நாலு கச்சாயம் எண்ணெயிலேயே பிரிந்துவிட்டன. ஒரு கை அரிசி மாவு தூவிக் கலக்கிய பிறகுதான் உப்பி வந்தன. போசியில் தேறியது 29. ஆளுக்கு மூன்று போக மிச்சம் இரண்டு, பால்காரர் மகள்களுக்கு. சின்னவனுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கவில்லை. அவனுடைய மூன்றையும் சுற்றிலும் கிள்ளி, மெத்தென்ற நடுவை அவன் கையிலும் மொறுமொறுத்த ஓரத்தைப் பெரியண்ணன் தட்டிலும் வைத்தார். இருவருமே கேட்டு வாங்கியதுபோல் தின்றார்கள். இந்த முறை கடைப் பெட்டி வேண்டாம் மாமா, ஊரிலேயே கச்சாயம் சுட்டு அதுபோலப் பார்த்துப் பங்கு வைக்கலாம்.

மஸ்கட்டிலிருந்து:

சென்ற ஆண்டு 140 பெட்டிக்கு ரசீது இருக்கிறது. பள்ளியும் அங்கன்வாடியும் சேர்த்துப் பிள்ளைகள் 96 பேர்தான். மீதி 44 எங்கே? கணக்கு வரட்டும், கச்சாயத்தைப் பிறகு பேசலாம்.

டல்லாஸிலிருந்து:

தெற்குத் தோட்டத்தார் கடைப் பெட்டி கொடுக்கும்போது நாம் அடுப்பு மூட்டினால் ஊர் என்ன பேசும்? அதோடு பாகுப் பதம் தெரிந்தவர்கள் இன்று யார் இருக்கிறார்கள்?

சிங்கப்பூரிலிருந்து, மூத்தவள்:

பாகு காய்ச்சுவது அதிரசத்துக்கு, தம்பி. கச்சாயத்துக்கு ஊறிய அரிசியைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக ஆட்டி, அதிலேயே வெல்லத்தைத் தட்டிப் போட வேண்டும். வெல்லம் இளகி மாவைத் தளர்த்திவிடும். அன்று ஆட்டியதும் சுட்டதும் நான்தான். எனக்கு அப்போது 14 வயது.

தோகாத் தம்பி சொன்ன கணக்கில் ஒன்று பிசகு. என் பங்கு மூன்றையும் அமுச்சி வாழை இலையில் சுற்றி, "தெற்குத் தோட்டத்தில் கொடுத்துவிட்டு வா, கண்ணு" என்று என்னிடமே தந்தார். கிணற்று வழக்குக்குப் பின் அந்த வீட்டோடு பேச்சு நின்றிருந்த நேரம். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்த எனக்குக் கிடைத்தவை, பிரிந்துபோன அந்த நாலு. எண்ணெய் குடித்து, தொட்டால் உதிர்ந்தன. அமுச்சி மேல் எனக்கு உயிர். ஆனாலும் அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

சுடுவதென்றால், வருகிற பெண்களின் கூலியைக் கணக்கில் எழுதுங்கள் மாமா. அவர்களுக்கு முழுக் கச்சாயமாக முதலில் எடுத்து வையுங்கள். என் 1,000 ரூபாயை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.