560க்கு வைத்த ஒரே அலாரம், லாக்கரில் கிடந்த போன்

ஷிப்ட்காரன்:
காலை 8 மணிக்கு ஃபேக்டரிக்குள் போனால் போன் லாக்கருக்குப் போய்விடும். மதியம் 12.30க்கு இருபது நிமிடம் கையில் வரும், அதற்குப் பிறகு மாலை 5 மணிக்குத்தான். ஒரு பங்கு 560 பக்கம் வந்தால் வாங்கலாம் என்று அலாரம் வைத்திருந்தேன். போன வாரம் காலை 10.40க்கு அடித்திருக்கிறது, நான் பார்க்கும்போது 574. இப்போது 618. திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாதவன் அலாரத்தை எப்படி அடுக்கி வைப்பது?

சாயங்காலச் சந்தை:
வாங்குகிற விலையிலேயே அலாரம் வைப்பது கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. உங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே தெரியவேண்டும், அதனால் அந்தப் பங்கு ஒரு நாளில் எவ்வளவு ஆடும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கடைசி இருபது நாள் சார்ட்டில் அன்றன்றைய உச்ச விலைக்கும் குறைந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி இருபதால் வகுத்தால் போதும். 13 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 560க்கு மேலே மூன்று நாள் ஆட்டம் 39, ஆக 600ல் முதல் அலாரம். அது அடித்தால் எதையும் வாங்கப் போவதில்லை, அன்று மாலை ஏன் இறங்குகிறது, காலாண்டு ரிசல்ட் எப்போது, 560 இன்னும் சரியான விலைதானா என்று பதினைந்து நிமிடம் படிக்கிறீர்கள், அவ்வளவுதான். சரி என்று பட்டால் அன்றைக்கே ஒரு நாள் ஆட்டத் தூரத்தில், 575 பக்கம், இரண்டாவது அலாரம். அதை டிரேடிங்வியூவில் நாள் சார்ட்டில் `Once Per Bar Close` என்று வையுங்கள். நடுவில் தொட்டுவிட்டு ஏறினால் அடிக்காது, 3.30க்குச் சந்தை முடியும்போது அதற்குக் கீழே இருந்தால்தான் அடிக்கும். அது அடித்த மாலையில் கணக்கில் பணம் போட்டு 560க்கு ஜிடிடி, அதாவது சொன்ன விலை வந்ததும் தானாகவே போகிற ஆர்டர், போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஒத்தை ஆர்டர்:
இவ்வளவு சுற்றல் எதற்கு? ஜிடிடி ஒரு வருஷம் உயிரோடு இருக்கும். இன்றைக்கே 560க்குப் போட்டிருந்தால் போன வாரம் 10.40க்கே வாங்கியிருப்பார். பத்துப் பங்குக்கு நாலு நாலு அலாரம் வைத்தால் நாற்பது. டிரேடிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாய்லெட்டில் போனைப் பார்க்கிற கூட்டத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அலாரம்தான் ஆளைத் திரைக்கு இழுக்கிறது.

ஸ்கால்ப் மணி:
5 நிமிட சார்ட்டில் வைங்க ப்ரோ, ஆப்ஷன்ல ரெண்டு நிமிஷத்தில் வெளியே வந்துடலாம், 12.30 பிரேக்கே போதும்.

ஷிப்ட்காரன்:
ஐயா, நான் கேட்டது அது இல்லை. அந்த இருபது நிமிடத்தில் நான் சாப்பிடவும் வேண்டும்.

சாயங்காலச் சந்தை:
நாற்பது ஆகாது, ஒத்தை ஆர்டர் சார். பத்துப் பங்குக்கும் முதல் அலாரம் மட்டும்தான் இருக்கும். முதலாவது அடித்து, மாலையில் படித்த பிறகுதான் இரண்டாவதை வைக்கிறோம், பாதி பங்குகளில் அந்த நிலையே வராது. ஒரு வருஷ ஜிடிடியில் என் பயம் வேறே. மோசமான ரிசல்ட் வந்து மறுநாள் காலை 9.15க்கு 530ல் திறந்தால் உங்கள் 560 ஆர்டர் அந்த விலையிலேயே வாங்கிக் கொடுத்துவிடும். ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்த முடிவு, அதற்கான காரணமே செத்துப்போன நாளில் நிறைவேறுகிறது.

ஒத்தை ஆர்டர்:
560க்கே வாங்கத் தயாரா இருந்தவனுக்கு 530 கசக்குமா? உங்கள் முறையில் ஒரே நாளில் 45 ரூபாய் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். 600ம் 575ம் அதே நாளில் தாண்டிப்போகும், மாலை பார்த்தால் விலை 555, கையில் ஆர்டர் இல்லை. நஷ்டத்துக்கும் இதே ஜிடிடிதான், 525க்குக் கீழே போனால் விற்றுவிடும், எனக்குக் கவலையே இல்லை.

சாயங்காலச் சந்தை:
ஆமாம், அந்த ஒரு நாளை நான் விட்டுவிடுவேன், தெரிந்தேதான். 45 ரூபாய் ஒரே நாளில் விழுந்த பங்கைப் படிக்காமல் வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் விற்கிற ஜிடிடியில் கவலையே இல்லை என்கிறீர்களே, அங்கேதான் அடி. அது லிமிட் ஆர்டர், நாம் சொன்ன விலைக்குக் கீழே விற்காது. டிரிகர் 525, லிமிட் 522 என்று வைத்துவிட்டு, காலையில் 498ல் திறந்தால் டிரிகர் ஆகும், ஆர்டரும் போகும், 522க்கு வாங்க ஆள் இருக்காது. மாலையில் அந்த ஆர்டர் செத்துவிடும், ஜிடிடியும் ஒரு முறை பயன்பட்டுவிட்டதால் திரும்ப வராது. நீங்கள் பாதுகாப்பு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒத்தை ஆர்டர்:
அப்போ லிமிட்டை 490க்கு இறக்கி வைத்தால் போச்சு. விற்கும்போது கிடைக்கிற நல்ல விலைக்குத்தானே போகும், 498க்கு முடிந்துவிடும்.

சாயங்காலச் சந்தை:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். 490க்குக் கீழே திறந்தாலோ, சின்னப் பங்கு லோயர் சர்க்யூட்டில், அன்றைக்கு இறங்க அனுமதித்த கடைசி விலையில், வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிட்டாலோ அதுவும் நிற்காது. அதனால்தான் விற்கிற பக்கமும் 540ல், நாள் முடிவில் அடிக்கிற மாதிரி ஓர் அலாரம் வைத்திருக்கிறேன். அடித்தால் சந்தை மூடிய பிறகு போடுகிற ஏஎம்ஓ ஆர்டரை ராத்திரியே போட்டு மறுநாள் காலையில் வெளியே வந்துவிடலாம். அப்புறம், விற்கும்போது பங்கை எடுத்துக்கொள்ள புரோக்கருக்கு நிரந்தர அனுமதி தருகிற டிடிபிஐ கொடுக்கவில்லை என்றால், டிபின் என்கிற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி தராத விற்பனை நிராகரிக்கப்படும், ஜிடிடியாக இருந்தாலும். லாக்கரில் போன் இருக்கும்போது டிபின் யார் போடுவது? வாங்குகிற பக்கமும் பணம் முன்கூட்டியே பிடிக்கப்படுவதில்லை, டிரிகர் ஆகிற நிமிடம் கணக்கில் காசு இல்லையென்றால் ஆர்டர் போய்விடும்.

கணக்கு டீச்சர்:
என் கதையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். ஒரு பங்குக்கு மூன்று அடுக்கு வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது காலை 9.15க்கு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மேஜையில் அதிர்ந்தன. இடைவேளையில் பார்த்தால் விலை பாதி. பதறிப்போய் இருந்ததை எல்லாம் விற்றேன். அன்று அது 1:1 போனஸுக்கு எக்ஸ் தேதி! ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தால் விலை பாதியாகத்தான் ஆகும், அதைக்கூட நினைக்காமல் கணக்கு டீச்சரே விற்றாள். போனஸ் பங்கு ரெண்டு நாளில் கணக்குக்கு வந்தது, விற்றதைத் திரும்ப வாங்க அதிக விலை கொடுத்தேன். அதிலிருந்து ஒரே விதி: எல்லா அடுக்கும் ஒரே நிமிடத்தில் அடித்தால் முதலில் போனஸ், ஸ்பிளிட் அறிவிப்பைப் பார்ப்பேன், விலையை அப்புறம்.

சாயங்காலச் சந்தை:
நல்ல விதி மேடம். அந்த மாதிரி நாளில் பழைய ஜிடிடிகளைப் பல இடங்களில் அவர்களே ரத்து செய்துவிடுவார்கள். அலாரம் மட்டும் பழைய எண்ணிலேயே இருக்கும், நாமேதான் மாற்றவேண்டும்.

ஷிப்ட்காரன்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இருபது நாள் சராசரி 13 இல்லை, 17 வருகிறது. அதனால் முதல் அலாரம் 610க்குப் போட்டேன். இன்று காலையிலேயே அடித்திருக்கிறது, மாலையில் பார்த்தால் 612. ரிசல்ட் அடுத்த வியாழக்கிழமை. இரண்டாவதை 577க்கு வைத்துவிட்டேன், ஜிடிடி இன்னும் போடவில்லை.

ஒத்தை ஆர்டர்:
வியாழக்கிழமை ரிசல்ட், வெள்ளிக்கிழமை காலை 9.15க்கு நீங்கள் லாக்கர் பக்கம் இருப்பீர்கள். 560ல் நான் ஒரு ஜிடிடி போட்டுவிட்டேன், பார்ப்போம்.