பட்டுச் சேலையில் கரையை ஒட்டி எண்ணெய் சிந்திவிட்டது: வளையம் விழாமல் எடுக்க வழி உண்டா?

மரகதம், இரவு 9.10

இன்று மாலை அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது கிண்ணம் சரிந்து என் சேலையில் சிந்திவிட்டது. என் அம்மாவின் கூரைப்புடவை அது. காஞ்சிபுரம் பட்டு, அரக்கு உடல், நான்கு விரல் அகலத்தில் பச்சைக் கரை. முன்கொசுவத்தின் கீழே, கரை தொடங்கும் இடத்துக்கு அரை விரல் மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. இன்னொரு சிறு துளி கரையின் சரிகை மீதே விழுந்திருக்கிறது.

அப்போதே காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை, தண்ணீரும் படவில்லை. அந்த இடத்தை மட்டும் ஷாம்பு போட்டு அலசச் சொன்னார் சித்தி. நான் மறுத்துவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு சேலையில் அப்படித்தான் செய்தேன். எண்ணெய் போனது, ஆனால் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம் விழுந்து இன்றுவரை போகவில்லை. இந்த விளக்கு எண்ணெயை அப்படி ஒரு தடம் இல்லாமல் எடுக்க முடியுமா? சேலையைக் கழற்றி மேசையில் விரித்துவைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

வாசுகி, 9.18

பயப்பட வேண்டாம். முகப்பவுடரைக் கறை மீது நிறையக் கொட்டுங்கள். அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடாக அழுத்துங்கள். எண்ணெய் உருகித் தாளில் ஏறிவிடும். என் மாமியார் இப்படித்தான் செய்வார்.

சுந்தரி, 9.21

விளக்கெண்ணெய் என்றால் கஷ்டம் அக்கா, அது பிசினைப் போல ஒட்டும். என் பெண்ணின் பாவாடையில் கொட்டியபோது சீயக்காய்த் தூளைக் குழைத்துத் தடவி இரண்டு முறை அலசிய பிறகுதான் போனது. பாவாடை பருத்தி. பட்டுக்கும் அதுவே பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

மரகதம், 9.24

சுந்தரி, நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஆமணக்கு எண்ணெய் இல்லை, விளக்குக்கு ஊற்றிய நல்லெண்ணெய். திரி ஏற்றுவதற்கு முன்பே சிந்தியதால் கரி கலக்கவில்லை.

மாணிக்கம், 9.31

அம்மா, டிரைவாஷ் கடையில் கறை எடுக்கும் மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இஸ்திரிப் பெட்டியை இப்போது தொடாதீர்கள். வாசுகி அவர்கள் சொன்னதில் பவுடர் மிகவும் சரி, சூடு தவறு. மெழுகு சிந்தினால் தாள் வைத்துச் சூடு காட்டுவது உண்டு, ஏனென்றால் மெழுகு கட்டியாக நிற்கிறது. நல்லெண்ணெய் ஏற்கெனவே நீராகத்தான் இருக்கிறது. சூடு பட்டால் இன்னும் இளகி, நூலோடு நூலாக ஓடி அகலமாகும். மிஞ்சும் எண்ணெய் சூட்டில் சீக்கிரம் பழுப்பேறவும் செய்யும்.

வளையம் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் எதைச் செய்யக்கூடாது என்பது தானே விளங்கும். பட்டில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் பட்டால், துணிக்கு மெருகேற்றப் போட்ட பசை, உள்ளே இருக்கும் தூசு, இளகிய சாயம் எல்லாம் அந்த ஈரத்தோடு வெளிப்பக்கமாக நகரும். ஈரம் எந்த எல்லையில் காய்கிறதோ அங்கே அவை தங்கிவிடும். உங்கள் பழைய சேலையில் உள்ள வளையம் அதுதான். பெட்ரோல் போன்றவற்றைக் கறையின் நடுவில் ஊற்றினாலும் அதே கதைதான், அப்போது ஓரத்தில் போய்த் தங்குவது எண்ணெயே. ஆகவே நடுவில் எந்த ஈரத்தையும் வைக்காமல், எண்ணெயை அது இருக்கும் இடத்திலேயே மேல்நோக்கி உறிஞ்ச வேண்டும். முதல் இரவில் பவுடர் செய்வது அதைத்தான்.

அதற்கு முன் ஒரு கேள்வி. சேலைக்கு ஃபால்ஸ் தைத்திருக்கிறதா?

மரகதம், 9.36

ஆமாம் ஐயா, தைத்திருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மாணிக்கம், 9.44

பலர் தோற்பது அந்த இடத்தில்தான். ஃபால்ஸ் ஐந்து அங்குல அகலம் இருக்கும். உங்கள் கரை நான்கு விரல்தான் என்பதால் கறை விழுந்த இடத்துக்கு அடியிலும் ஃபால்ஸ் இருக்கிறது. பட்டைத் தாண்டி இறங்கிய எண்ணெயை அது குடித்து வைத்திருக்கும். மேலே எவ்வளவு பவுடர் போட்டாலும் கீழிருந்து எண்ணெய் திரும்ப ஏறும். காலையில் போய்விட்டது என்று மடித்து வைப்பீர்கள், அடுத்த மாதம் அதே இடத்தில் தெரியும்.

கறைக்கு இருபுறமும் ஒரு சாண் நீளத்துக்கு ஃபால்ஸ் தையலை மட்டும் சின்னக் கத்தரியால் பிரித்துவிடுங்கள். பட்டின் நூல் அறுபடாமல் ஃபால்ஸ் பக்கமிருந்து வெட்டுங்கள். அதைக் கறையிலிருந்து தள்ளி மடித்து வையுங்கள்.

பிறகு மேசையில் வெள்ளைப் பருத்தித் துணியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் சேலையை உட்புறம் மேலே வரும்படி ஒற்றை அடுக்காக விரியுங்கள். சாதாரண வெள்ளை டால்கம் பவுடர் போதும். முல்தானி மட்டி வேண்டாம், அதன் நிறம் நூலிடுக்கில் தங்கும். கறையைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, நாணயத்தை மறைக்கும் தடிமனில் குவியுங்கள். விரலால் அழுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சேலையைத் தூக்கிப் பின்னாலிருந்து மெல்லத் தட்டினால் பவுடர் விழுந்துவிடும். அது கட்டிகட்டியாக, சற்று ஈரமாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். புதிதாகப் போட்டு இரவு முழுவதும் விடுங்கள். அடியில் உள்ள துணியையும் புதிய பக்கம் வரும்படி மாற்றுங்கள்.

சரிகை மேல் உள்ள துளிக்குக் கொஞ்சமாக, உட்புறத்திலிருந்து மட்டும் போடுங்கள். முன்பக்கம் போட்டால் சரிகை இடுக்கில் பவுடர் புகுந்து மங்கலாகத் தெரியும்.

மரகதம், 10.20

தையலைப் பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது: வெளியே நாணயம் அளவு, ஃபால்ஸில் எலுமிச்சம்பழம் அளவு. பவுடர் போட்டுவிட்டேன்.

கணேசன், 10.41

இவ்வளவு பாடு எதற்கு? பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும். கடைக்காரர்களும் அதைத்தானே பெட்ரோல் வாஷ் என்கிறார்கள்.

மாணிக்கம், 10.52

தம்பி, பங்கில் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் நிறமும் வேறு பொருள்களும் சேர்ந்திருக்கும், அவை துணியில் தங்கும். கடையில் பயன்படுவது அதற்கென்றே உள்ள தெளிந்த கரைப்பான். அதையும் நாங்கள் நடுவில் வைப்பதில்லை. கறைக்கு வெளியே அகலமாகத் தொடங்கி உள்நோக்கி வருவோம், அடியில் உறிஞ்சு துணி இருக்கும். முடிந்ததும் ஓரத்தை ஈரத்திலிருந்து உலர்வுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மங்க விட்டு, குளிர்ந்த காற்றில் சட்டென்று உலர்த்துவோம். எல்லைக் கோடு என்று ஒன்று உருவாகாததால்தான் வளையம் விழுவதில்லை. அதைவிட முக்கியம், விளக்கு எரியும் வீட்டில் பெட்ரோல் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

கணேசன், 11.05

தீ விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து வெள்ளைப் பெட்ரோலில்தான் பட்டெல்லாம் சுத்தம் செய்தார். ஒரு வளையமும் விழுந்ததில்லை.

மாணிக்கம், 11.09

உங்கள் அம்மாவுக்குக் கை பழகியிருக்கும். முதல்முறை செய்பவருக்குக் கூரைப்புடவையில் பழகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தறிவீடு, மறுநாள் காலை 6.30

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கோர்வைச் சேலை நெய்கிறது. கறை எடுப்பது எனக்குத் தெரியாது, துணியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் இந்தச் சேலையில் இரண்டின் ஊடை நூல்களும் கோர்வையில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்த இடம் தடிப்பாக இருக்கும், ஈரம் சீக்கிரம் காயாது. பழைய சேலையில் பச்சைச் சாயம் ஈரத்தோடு கோர்வையைத் தாண்டி அரக்குக்குள் இறங்கிவிட்டால் பிறகு யாராலும் எடுக்க முடியாது. அக்கா ஷாம்புவை மறுத்தது நல்ல முடிவு.

மரகதம், காலை 7.15

முதல் பவுடர் ஈரக் கட்டியாக வந்தது. இரவு போட்டது நடுவில் மட்டும் லேசாகக் கட்டியிருந்தது. விடியற்காலையில் மூன்றாவது முறை போட்டேன், அது மாவைப் போலவே உதிர்ந்தது. மேசையில் வைத்துப் பார்த்தால் கறை தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்த இடம் மட்டும் லேசாக ஒளி ஊடுருவுவது போல இருக்கிறது. வளையம் இல்லை. சரிகைத் துளி அப்படியே இருக்கிறது.

மாணிக்கம், 7.40

மூன்றாவது முறை உலர்ந்தே உதிர்ந்தது என்றால் பவுடரால் ஆவது முடிந்துவிட்டது. வெளிச்சத்தில் தெரிவது நூலுக்குள் தங்கிய எண்ணெய், அது கரைப்பானுக்குத்தான் வரும். மேலும் பவுடர் போட்டுக்கொண்டே இருக்காமல் இன்றோ நாளையோ கடைக்குக் கொண்டுபோங்கள். நாள் ஆக ஆக எண்ணெய் காற்றில் இறுகி மஞ்சளாகும்.

கறையைச் சுற்றி வெள்ளை நூலால் நான்கு தளர்வான தையல் போட்டு அடையாளம் வையுங்கள், இப்போது அது கண்ணுக்குத் தெரியாததால் கடைக்காரர் தவறவிடக்கூடும். நல்லெண்ணெய், நேற்று மாலை, தண்ணீர் படவில்லை, சூடு காட்டவில்லை, பவுடர் போட்டது என்று ஐந்தையும் சொல்லுங்கள். கறை முழுதும் போனதை நீங்கள் வெளிச்சத்தில் பார்க்கும்வரை பாலிஷ், ரோல் பிரஸ் எதுவும் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாசுகி, 8.05

மாமியாரிடம் கேட்டேன். இஸ்திரி வைத்தது வெள்ளைப் பருத்தியில் சிந்திய மெழுகுக்கு என்கிறார். நான்தான் சேர்த்துக் குழப்பிவிட்டேன், மன்னிக்கவும்.

மரகதம், ஐந்து நாள் கழித்து

சேலை வந்துவிட்டது. அரக்குப் பகுதியில் வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் ஒன்றும் இல்லை, வளையமும் இல்லை. சரிகையில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு மங்கல் புள்ளி. அது எண்ணெயா, சரிகையே கறுத்துவிட்டதா என்று கடைக்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை.

தறிவீடு, அன்று மாலை

அம்மா காலத்துச் சரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியதாக இருக்கலாம். முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி கறுப்பது உண்டு, அந்தப் புள்ளி முன்பே இருந்து நீங்கள் கவனிக்காமலும் இருந்திருக்கலாம். தேய்த்தால் மிச்ச முலாமும் போகும்.

மாணிக்கம், இரவு

எனக்கு எண்ணெய் என்றே படுகிறது, துளி விழுந்த அதே இடம் என்பதால். ஆனாலும் தேய்க்கக் கூடாது என்பதில் தறிவீட்டாரோடு நான் ஒத்துப்போகிறேன். அந்தப் பழைய ஃபால்ஸைத் திரும்பத் தைக்காதீர்கள் அம்மா. புதியது வாங்கி, தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்து, சாயம் விடுகிறதா என்று பார்த்துக் காயவைத்துத் தையுங்கள்.