பயோஃபிலிம் கேள்வில மார்க் போச்சு, அப்புறம் கேஸ்கெட்டைக் கழட்டிப் பாத்தேன் (உங்க அனுபவமும் சொல்லுங்க)

வால்வுசீட்டு
சானிடேஷன் பரீட்சை எழுதி நாலு மாசம் ஆச்சு, இன்னும் இந்த ஒரு கேள்வி மனசுல உறுத்திட்டே இருக்கு, அதான் போடுறேன். ஞாபகம் இருக்கற வரைக்கும் கேள்வி இதுதான்: பால் நிரப்பற மெஷின், தினமும் வேலை முடிஞ்சதும் வெதுவெதுப்பான தண்ணி, சூடான காஸ்டிக், திரும்ப தண்ணி, கடைசியா குளோரின் 100 பிபிஎம். வெளில பாத்தா பளபளன்னு இருக்கு, கடைசி அலசல் தண்ணிய டெஸ்ட் பண்ணா ஒண்ணுமே வரல. ஆனா மறுநாள் காலைல முதல் ட்ரே பால்ல பாக்டீரியா கவுண்ட் எகிறுது, ஓட ஓட குறையுது, சில நாள் நடுவுலயும் திடீர்னு ஏறுது. முதல்ல என்ன பண்ணுவீங்க? அ) குளோரினை 400 ஆக்கு. ஆ) வேற சானிடைசர் மாத்து. இ) கழட்டி, கேஸ்கெட் வால்வு எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, அப்புறம் சானிடைஸ் பண்ணு. ஈ) சானிடைசர் நேரத்தை ரெண்டு மடங்கு ஆக்கு.

நான் அ போட்டேன். யோசிக்கக்கூட இல்ல. பூச்சி சாகலன்னா மருந்து பத்தலன்னுதானே தோணும். விடை இ.

சரி போகட்டும்னு விட்டுட்டேன். போன மாசம் எங்க லைன்ல அச்சு அசலா இதே கதை, காலைல முதல் ட்ரே மட்டும் மோசம். க்ளாம்ப்பைக் கழட்டி கேஸ்கெட்டை விரலால நெம்பி எடுத்தேன். பால் படற பக்கம் சுத்தமா இருந்துச்சு. திருப்பினா பின்பக்கம் வழவழன்னு மீனைத் தொட்ட மாதிரி, நகத்துல சுரண்டினா சாம்பல் கலர்ல திரண்டு வருது, ஒரு புளிச்ச வாடை வேற. அந்தப் பக்கத்துல தினமும் காஸ்டிக் போயிட்டு இருக்குன்னு நான் நம்பிட்டு இருந்தேன் பாருங்க.

நைட்ஷிப்ட்_அக்கா
தம்பி, அ போட்டதுக்கு வெக்கப்படாதீங்க, இருபது வருஷமா லைன்ல நிக்கறவங்களே அதைத்தான் சொல்வாங்க. ஆனா அ வெறும் தப்பு மட்டும் இல்ல, நிலைமைய மோசமாக்கும், அதை யாரும் சொல்றதில்ல. குளோரின் எதைத் தொட்டாலும் அதோட வினை செஞ்சு தீந்துடும், பூச்சியா பிசினான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. பூச்சிங்க தன்னைச் சுத்தி சர்க்கரையும் புரதமுமா ஒரு பிசின் கட்டிட்டு உள்ள உக்காந்திருக்கும், அதான் பயோஃபிலிம். வர்ற குளோரின் மேல் பிசின்லயே செலவாயிடும், அடில இருக்கறதுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. ரெண்டாவது, நாம குளோரின்னு ஊத்தற ஹைப்போவை அதிகமா ஊத்த ஊத்த பிஎச்சும் ஏறும். 7.5 கிட்ட வந்தாலே குளோரின்ல வேலை செய்யற பங்கு பாதி ஆயிடும், 9 தாண்டினா பாட்டில்ல எத்தனை பிபிஎம் எழுதியிருந்தாலும் கொல்லற சக்தி கொஞ்சம்தான். காஸ்டிக் சரியா அலசாம விட்டிருந்தா அதுவே பிஎச்சை ஏத்திடும். மூணாவது, அதிக குளோரின் ஸ்டீல்ல சின்னச் சின்ன குழி போடும். அடுத்த பிலிம் அந்தக் குழிக்குள்ளதான் குடியேறும்.

என் கதை சின்னது. ஒரு இடத்துல சூப்பர்வைசர் இதேதான் பண்ணார், 100ல இருந்து 300. ரெண்டு வாரம் கவுண்ட் இறங்குச்சு, எல்லாரும் சந்தோஷம். மூணாவது வாரம் பழைய எடத்துக்கே வந்துடுச்சு. மேல் அடுக்கு மட்டும் செத்துது, அடி அடுக்கு அப்படியே நின்னு திரும்ப வளந்துச்சு.

லேப்கோட்டு
அக்கா சொன்னது சரி, ஆனா ஆ-வை ஒரேயடியா தள்ளிட முடியாது. தொடர்ந்து ஒரே சானிடைசரைப் போட்டா பூச்சிக்கு பழகிடும், அதனாலதான் எல்லாரும் ரொட்டேஷன் வைக்கறாங்க. எங்க பிளான்ட்ல குவாட் சானிடைசரை நிறுத்தி பெராசிட்டிக் ஆசிட்டுக்கு மாத்தினதுமே பிரச்சனை போயிடுச்சு. அப்ப ஆ எப்படி தப்பு ஆகும்? கேள்வி தயாரிச்சவருக்கு அனுபவம் இல்லன்னு தோணுது.

நைட்ஷிப்ட்_அக்கா
@லேப்கோட்டு குவாட்டுக்குப் பழகின லிஸ்டீரியா பாக்டீரியா இருக்குங்கறது உண்மைதான், அதுல சண்டை இல்ல. ஆனா கேள்வில இருக்கறது குளோரின். அந்த கேஸ்கெட் பின்னாடி இருக்கற அதே பூச்சியை எடுத்து வெறும் தண்ணில கலக்கி விட்டு 100 பிபிஎம் போடுங்க, நிமிஷத்துல செத்துடும். பழகியிருந்தா சாகக்கூடாதே? அதுக்கு தோல் தடிக்கல, வீட்டுக்குள்ள இருக்கு, அவ்வளவுதான். வீட்டை இடிக்காம தோட்டாவை மாத்தி என்ன பிரயோஜனம். நீங்க மாத்தினப்ப கூடவே கழட்டித் தேய்ச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல.

லேப்கோட்டு
தேய்ச்சோம். ஆனா அதுக்கு முன்னாடியும் மாசம் ஒரு தடவை தேய்ச்சுட்டுதான் இருந்தோம்.

கெட்டில்மூடி
வெள்ளையா படிஞ்சிருந்தா அது பால் கல்லு சார், அதுக்கு ஆசிட் போட்டா கரைஞ்சு வந்துடும், நைட்ரிக் இல்லன்னா பாஸ்பாரிக், ஒரு சதவீதம் போதும். எங்க பிளேட் ஹீட்டர்ல அப்படித்தான் போச்சு. எதுக்கு பூச்சி அது இதுன்னு பேசிட்டு இருக்கீங்க?

வால்வுசீட்டு
வெள்ளை இல்லங்க, சாம்பல், வழவழ. ஆனா நீங்க சொன்னதும்தான் உறைச்சுது, கேள்வில ஆசிட் ஸ்டெப்பே இல்ல! காஸ்டிக் மட்டும்தான். கல்லு படிஞ்சா அதோட சொரசொரப்புல பிலிம் இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும்ல. வேணும்னே விட்டாங்களா இல்ல மறந்துட்டாங்களா? இ-ல "தேய்ச்சு"ங்கறதுல அதையும் சேத்துக்கணுமா?

பல்லாண்டு
மன்னிக்கணும், நான் பால் லைன் இல்ல, பல் கிளினிக். ஆனா கேள்வியைப் படிச்சதும் எங்க சேர்தான் ஞாபகம் வந்துச்சு. டிரில்லுக்கு தண்ணி போற குழாய் ரெண்டு மில்லிமீட்டர் அகலம் கூட இருக்காது. ராத்திரி முழுக்க தண்ணி உள்ளயே நிக்கும். காலைல முதல் தண்ணி மோசம், கொஞ்ச நேரம் ஓட விட்டா டெஸ்ட்ல தேறிடும், அப்படியே உங்க முதல் ட்ரே கதைதான். நாங்க என்ன பண்ணோம்னா காலைல ரெண்டு நிமிஷம் தண்ணி ஓட விட்டு "அலசியாச்சு"ன்னு எழுதிட்டு இருந்தோம். ஒரு நாள் பழைய குழாயை மாத்தறப்ப டெக்னீஷியன் அதை நீளவாக்குல பிளேடால கீறி விரிச்சுக் காட்டினார். உள்பக்கம் முழுக்க பழுப்பு கலர்ல ஜெல்லி பூசின மாதிரி. அன்னைக்கு மத்தியானம் சாப்பிடவே பிடிக்கல. குழாயோட சுவர்கிட்ட தண்ணி கிட்டத்தட்ட நகர்றதே இல்லயாம், எவ்வளவு நேரம் ஓட விட்டாலும் உதிர்ந்து மிதக்கறதுதான் போகும், ஒட்டினது ஒட்டினதுதான். எங்களுக்கு ஒரு மில்லிக்கு 500 காலனிக்குள்ள இருக்கணும்னு கணக்கு. கழட்டித் தேய்க்க முடியாத எங்க மாதிரி கேஸ்ல இ போட முடியுமா? அதுதான் என் கேள்வி.

ஸ்வாப்குச்சி
எல்லாரும் பதில் பத்தியே பேசறீங்க, யாரும் "கடைசி அலசல் தண்ணில ஒண்ணும் வரல"ங்கற வரிய கவனிக்கல. கேள்வியோட உயிரே அதுதான். ஒட்டிட்டு இருக்கறது அலசல் தண்ணில வராது, அதுவும் குளோரின் போட்ட உடனே எடுத்த தண்ணின்னா மேலாப்புல இருக்கறது மயங்கிக் கெடக்கும். நானும் இப்படி ஒரு வருஷம் ஏமாந்தேன், ஃபைல் முழுக்க நல்ல ரிப்போர்ட்டு.

கேக்காம சொல்றேன், கோவிக்காதீங்க. முதல்ல குச்சியால துடைச்சு ஸ்வாப் எடுக்கற நேரத்தை மாத்துங்க. சுத்தம் பண்ணி முடிச்ச கையோட எடுத்தா நல்லாதான் வரும். மெஷின் மூணு மணி நேரமாவது ஓடின பிறகு எடுங்க, அதிர்வுலயும் ஓட்டத்துலயும் மூலையில இருக்கறது வெளில வரும். அடுத்து, குளோரினை முறிக்கற திரவம் இருக்கற ட்யூப்ல போடுங்க, இல்லன்னா குச்சில ஒட்டின குளோரின் லேப் போறதுக்குள்ள பூச்சியைக் கொன்னுட்டு நல்ல ரிசல்ட் குடுக்கும். அப்புறம், மேலாப்புல தடவாதீங்க, அழுத்தித் தேயுங்க, பிலிம் மெதுவா தடவினா வழுக்கிட்டுப் போயிடும். பளபளன்னு இருக்கற இடத்தை விட்டுட்டு கேஸ்கெட் ஓரம், நட்டு மரை, உள்ள வெறுமையா இருக்கற ரோலர், வெல்டிங் ஓரம்னு போங்க. ஏடிபி மீட்டரை நம்பி மட்டும் உக்காராதீங்க, அது அழுக்கைச் சொல்லும், அங்க இருக்கறது உயிரோட இருக்கற பூச்சியான்னு சொல்லாது. 2008ல கனடால 20 பேருக்கு மேல செத்தாங்களே, அந்த லிஸ்டீரியா இறைச்சி வெட்டற ஸ்லைசருங்களோட உள்ளுக்குள்ள ஒளிஞ்சுட்டு இருந்துச்சு. வழக்கமான க்ளீனிங் அவ்வளவு ஆழம் போகல.

@பல்லாண்டு உங்களுக்கு இ இல்ல. நீங்க குழாயை மாத்தறதுதான் உங்களோட "கழட்டித் தேய்க்கறது". நடுவுல மெஷின் கம்பெனி சொன்ன மருந்தை சொன்ன கணக்குல போட்டு விடணும், வெறும் தண்ணி ஓட விடறது பத்தாது.

லேப்கோட்டு
ஸ்வாப் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா சூடு பத்தி யாருமே சொல்லல. 80 டிகிரி தண்ணிய பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டா பிசினைத் தாண்டி சூடு உள்ள போயிடும், கழட்டவே வேண்டாம். ஆப்ஷன்ல அது இல்லாதது கேள்வியோட குறை.

நைட்ஷிப்ட்_அக்கா
போகும், தண்ணி ஓடற இடத்துல. திரும்பி வர்ற குழாய்ல 80 காட்டுதான்னு பாருங்க, டேங்க் மீட்டரைப் பாத்து எழுதாதீங்க. அதோட தேய்க்காம அழுக்கு மேலயே கொதிக்கற தண்ணி விட்டா புரதம் வெந்து ஸ்டீலோட ஒட்டிக்கும், முட்டைய வாணலில தீய விட்ட மாதிரி. அதான் முதல் அலசல் வெதுவெதுப்பா இருக்கணும்னு கேள்வில போட்டிருக்கு.

வால்வுசீட்டு
எல்லாருக்கும் நன்றி. கடைசியா என்ன ஆச்சுன்னா, கேஸ்கெட் எல்லாத்தையும் புதுசு போட்டோம், பழசு வெடிப்பு விட்டிருந்துச்சு. மூணு வாரம் கவுண்ட் நல்லா இருந்துச்சு. போன செவ்வாய் திரும்ப முதல் ட்ரேல ஒரு எகிறல். லைனைக் கையால தடவிட்டே போனேன், சூடான காஸ்டிக் ஓடறப்ப எல்லா இடமும் சுடுது, பிரஷர் கேஜ் மாட்டின டி-பைப் மட்டும் முனைல வெதுவெதுன்னு இருந்துச்சு. அளந்தா அதோட நீளம் குழாய் அகலத்தைப் போல மூணு மடங்கு. ஒண்ணரை மடங்குக்கு மேல போனா ஓட்டம் உள்ள எட்டாதுன்னு சொல்வாங்க, இது மூணு! மேனேஜர்கிட்ட சொன்னேன், அடுத்த ஷட்டவுன்ல வெட்டிக் குட்டையாக்கலாம்னார், ஷட்டவுன் எப்பன்னு கேட்டா சிரிக்கறார். அதுவரைக்கும் வாரம் ரெண்டு தடவை கேஜைக் கழட்டி பாட்டில் பிரஷ் விட்டுத் தேய்க்கறேன். நேத்து பிரஷ்ல வந்தது இன்னும் வழவழன்னுதான் இருக்கு.