128×160 திரைக்குச் சின்ன ஜாவா கேம் இருக்கிறதா?

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்காகக் கேட்கிறேன். ஜாவா ஓடும். திரை 128×160, மெமரி கார்டு போட வழியில்லை, உள்ளே மிச்சம் 300 கேபிதான். சுடோகு, பாம்பு மாதிரி ஏதாவது, 100 கேபிக்குள், 2 4 6 8 எண்களால் நகர்த்தி 5ஐ அழுத்தி ஆடுவதாக வேண்டும்.

240×320 திரைக்குச் செய்த சுடோகு திறக்கிறது. ஆனால் தானாகச் சுருங்காததால் வலப்பக்கக் கட்டங்களும் கீழ்வரிசைகளும் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. 128×160க்கென்றே செய்தது இருந்தால் சொல்லுங்கள்.

`.jad` ஃபைலும் சேர்த்து அனுப்பினால், அதிலுள்ள `MIDlet-Jar-Size` எண் `.jar` ஃபைலின் பைட் அளவோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாறினால் போன் ஏற்காது. ஸ்கோர் சேமிக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும், அதனால் இரண்டு கேம் போதும். எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி கேட்பவை வேண்டவே வேண்டாம், பேலன்ஸ் போய்விடும்.