ஷேக்கிளுக்குத் தமிழ்: வளையமா, வில்லா, கம்பியா?

கையேடு எழுதுபவர்

அனைவருக்கும் வணக்கம். கடை ஷட்டருக்கும் கேட்டுக்கும் பூட்டு வாங்குகிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உடல், சாவித் துளை எல்லாம் சிக்கலில்லாமல் தமிழில் வந்துவிட்டன. பூட்டின் உடலுக்கு மேலே U வடிவில் வளைந்து நிற்கும் ஷேக்கிளில் நின்றுவிட்டேன்.

முதலில் 'வளையம்' என்று எழுதினேன். '8 மி.மீ. வளையம்' என்று படித்த இரண்டு பேருமே வளையத்தின் அகலம் 8 மி.மீ. என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்ல வந்தது தடிமனை. பூட்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய அளவே அதுதான், அங்கேயே தடுமாறினால் எப்படி? 'கொண்டி' என்றும் சொல்ல முடியாது, அது கேட்டில் இருக்கும் இரும்புப் பட்டைக்குப் போய்விடுகிறது. 'பூட்டுவில்' சரிவருமா? அப்படியே, ஷட்டருக்கு எந்தப் பூட்டு நல்லது என்றும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பூட்டுவில் அழகாக இருக்கிறதம்மா. இரண்டு முனைகள், நடுவில் வளைவு என்று வடிவத்தை அப்படியே சொல்கிறது. பூட்டியதும் இறுகி நிற்பதும் வில்லின் குணம்தானே. என் வாக்கு இதற்கே.

பூட்டு வேலை செய்பவர்

ஐயா மன்னிக்க வேண்டும், வில் வேண்டாம். பூட்டுக்குள் ஏற்கெனவே வில் இருக்கிறது, சுருள்வில். 'வில் உடைந்துவிட்டது' என்று ஒருவர் பூட்டைக் கொண்டுவந்தால், எதைச் சொல்கிறார் என்று நான் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அப்புறம், வில் என்றால் வளைந்து கொடுப்பது. இது வளைந்து கொடுத்தால் பூட்டே போச்சு.

பட்டறையில் நாங்கள் சொல்வது 'கம்பி'. கட்டட வேலையில் 8 கம்பி, 10 கம்பி, 12 கம்பி என்கிறார்கள். அங்கே யாரும் நீளத்தையோ அகலத்தையோ நினைப்பதில்லை, தடிமன் என்று சொல்லாமலே புரிகிறது. 'பூட்டுக்கம்பி' என்று வைத்தால் அம்மாவின் குழப்பம் தானாகத் தீரும்.

தடிமன் 8இலிருந்து 10 ஆனால் இரண்டே மி.மீ. தானே என்று தோன்றும். வெட்டுக்கத்தி கடக்க வேண்டிய பரப்போ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 6க்கும் 12க்கும் நடுவே நான்கு மடங்கு. கையால் பிடிக்கும் போல்ட் கட்டருக்கு, கடினப்படுத்திய 6 மி.மீ. பெரிய வேலையே இல்லை. 12க்கு வந்தால் திணறும். கிரைண்டர் வைத்தால் எதுவும் வெட்டுப்படும், அதற்கு நேரமும் சத்தமும்தான் தடை.

கடைக்காரர்

எந்தப் பூட்டு நல்லது என்று கேட்டிருப்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பித்தளை மென்மையானது, வெளியில் போடவே கூடாது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், கம்பி தடிமனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் 12 மி.மீ. கம்பி வைத்த பெரிய இரும்புப் பூட்டு வாங்கினேன். ஷட்டரின் காதில், அதாவது பூட்டு மாட்டும் தகட்டில், துளை 11 மி.மீ. தான், நுழையவில்லை. துளையை ராவி 13 ஆக்கிப் போட்டுவிட்டேன். இப்போது நிம்மதி.

பூட்டு வேலை செய்பவர்

அண்ணே, அந்தக் காதை ஒருமுறை அளந்து பாருங்கள். துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே முன்பு 6 மி.மீ. இருந்திருந்தால் இப்போது 5தான் இருக்கிறது. பூட்டைப் பலமாக்கி, அது தொங்குகிற இடத்தைத் தேய்த்துவிட்டீர்கள். வெட்ட வருகிறவன் பூட்டைத் தொடாமல் காதைத்தான் பிளப்பான். 11 மி.மீ. துளைக்கு 10 மி.மீ. கம்பிதான் சரி. இன்னும் தடிமன் வேண்டுமென்றால் காதை மாற்றிப் பற்றவைக்க வேண்டும், ராவக் கூடாது.

இன்னொன்று, கம்பியின் உயரம். துளைக்கு அந்தப் பக்கம் 5 மி.மீ. தகடுதான் இருக்கிறது, உங்கள் பூட்டில் உள்உயரம் 50 மி.மீ. இருக்கும் என்று நினைக்கிறேன். மீதி 40 மி.மீ.க்கு மேல் வெறும் கம்பி வெளியே நிற்கிறது. கட்டரின் வாய் நுழையவும், கடப்பாரையைக் கொடுத்து முறுக்கவும் அந்த இடைவெளி போதும். பூட்டியபின் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குக் குட்டையான கம்பி, அல்லது உடலே இரண்டு பக்கமும் தோள்போல உயர்ந்து கம்பியை மறைக்கிற பூட்டு, ஷட்டருக்கு இதில் ஒன்றுதான் பொருந்தும்.

பித்தளை பற்றிச் சொன்னது பாதி சரி. துளைபோடவும் அறுக்கவும் இரும்பைவிட எளிது, உண்மை. ஆனால் மழையில் நிற்கும் கேட்டில் இரும்பு உடல் துருப்பிடித்து உள்ளே இறுகினால், சொந்தச் சாவியே திறக்காது. வெளி கேட்டுக்குப் பித்தளை உடலும் கடினப்படுத்திய உருக்குக் கம்பியும் நல்ல சேர்க்கை. பயப்பட வேண்டியது பித்தளை நிறம் பூசிய துத்தநாகக் கலவைக்கு. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அது விரிந்து உடையும். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. அடிப்பக்கத்தில் ஊசியால் ஆழமாகக் கீறுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை தெரிந்தால் கலவை.

அம்மாவுக்கு இன்னும் ஒரு சொல் தேவைப்படும். பூட்டைத் திறந்து கம்பியைப் பாருங்கள். சில பூட்டில் வெளியே வரும் காலில் மட்டும் வெட்டு இருக்கும், சிலவற்றில் இரண்டு கால்களிலும் இருக்கும். ஒன்றில் மட்டும் பிடித்தால் கம்பியை ஓரிடத்தில் வெட்டினாலே போதும், மற்ற கால் பிடியில்லாமல் திரும்பிவிடும். இரண்டிலும் பிடித்தால் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டு அரைவட்டமாக இருந்தால் உள்ளே பெரும்பாலும் எஃகுக் குண்டு பிடிக்கிறது. ஒரு பக்கம் சரிவாக இருந்து, அழுத்தினாலே பூட்டிக்கொண்டால் வில் வைத்த நாக்கு. மெல்லிய தகட்டைக் கம்பியோரமாகச் செருகி அந்த நாக்கைத் தள்ளிவிடலாம். ஷட்டருக்கு அது ஆகாது.

கையேடு எழுதுபவர்

மிக்க நன்றி அண்ணா. பூட்டுக்கம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மற்றவை 'ஒருகால் பூட்டு', 'இருகால் பூட்டு'?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வில்லை விட்டுக்கொடுக்கிறேன், உள்ளே ஒரு வில் இருப்பதை நான் யோசிக்கவில்லை. ஆனால் 'ஒருகால்' வேண்டாம். அதற்கு 'ஒருவேளை' என்று பொருள் உண்டு. 'ஒருகால் பூட்டு உடைந்தால்' என்று எழுதினால் என்ன ஆகும் பாருங்கள். 'ஒற்றைக்கால் பிடி', 'இரட்டைக்கால் பிடி' என்று சொல்லுங்கள். கால் எது என்பதும் பிடி எது என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

அதோடு, பூட்டுக்குள் இருக்கும் லீவருக்கு 'நெம்புகோல்' என்று போட்டுவிடலாமே.

பூட்டு வேலை செய்பவர்

இரட்டைக்கால் பிடி அருமை ஐயா, நாளையிலிருந்து நானே சொல்லப்போகிறேன். நெம்புகோல்தான் இடிக்கிறது. பூட்டுக்குள் எதுவும் எதையும் நெம்புவதில்லை. அது ஒரு மெல்லிய தகடு. சாவியின் பல் அதைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் நாக்கு நகர வழிவிடும். கொஞ்சம் கூடத் தூக்கினாலும் குறையத் தூக்கினாலும் மறிக்கும். 'ஏழு லீவர்' என்றால் ஏழு தகடும் ஒரே நேரத்தில் சரியான உயரத்துக்கு வர வேண்டும். 'தூக்குத்தகடு' என்றால் பொருந்தும்.

கடைக்காரர்

தூக்குத்தகடு என்று கடையில் கேட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள் தம்பி. பெட்டியில் லீவர் என்றுதான் அச்சிட்டிருக்கிறது.

காதை அளந்தேன். ஓரத்தில் 4 மி.மீ. கூட இல்லை. பற்றவைப்பவரை வரச் சொல்லியிருக்கிறேன். புதுத் தகடு எவ்வளவு கனத்தில் போடச் சொல்லட்டும்?

பூட்டு வேலை செய்பவர்

இப்போதிருப்பதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது, முடிந்தால் 8 மி.மீ. போடுங்கள். துளையின் ஓரத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை கம்பியின் தடிமன் அளவாவது இரும்பு நிற்கட்டும், 12 கம்பிக்கு 12. ஆனால் காது அகலமானால் குட்டைக் கம்பி சுற்றி வராமல் போகலாம். துளை போடும் முன் பூட்டை வாங்கி அங்கே வைத்துப் பாருங்கள்.

கையேடு எழுதுபவர்

லீவரை இப்போதைக்கு லீவர் என்றே விடுகிறேன், தூக்குத்தகட்டை விளக்கத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஷட்டர் பக்கத்தில் வரும் வரி இது: 'துளைக்குள் ஆடாமல் நிறையும் பூட்டுக்கம்பி, குறைந்தது 10 மி.மீ., இரட்டைக்கால் பிடி, பூட்டியபின் இடைவெளி சுண்டுவிரலுக்கும் குறைவு.' 'இடைவெளி' என்பதற்கு இன்னும் குறிப்பான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.