கார்டில் 322 டொலர் மிச்சம் இருக்க வேண்டும், 150 டொலருக்கு மறுக்கிறது. எங்கே பார்ப்பது?

உப்புவெளி_கணக்கு

வணக்கம். நாங்கள் புறாமலைக்கு வள்ளம் ஓட்டும் சின்ன நிறுவனம். கணக்குப் பக்கம் நான் மட்டும்தான். எங்கள் பங்காளி வெளிநாட்டில் இருப்பதால் ஊழியர் கார்டுகள் எல்லாம் அங்கிருந்து டொலரில் வருகின்றன. பிளாஸ்டிக் இல்லை, போனில் உள்ள விர்ச்சுவல் கார்டு. ஒவ்வொன்றுக்கும் மாத லிமிட், எந்த வகைக் கடையில் பாவிக்கலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் போட்டிருக்கிறோம்.

எங்கள் மெக்கானிக் அண்ணை போன கிழமை என்ஜின் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனார். அவருடைய கார்டில் மாதம் 500 டொலர். இரண்டு இரவு ஹோட்டலில் தங்கி, வியாழன் காலை கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஹோட்டல் பில் 51,600 ரூபாய். பிறகு என்ஜின் கடைக்குப் போனால் 45,000 ரூபாய்க்கு, அதாவது 150 டொலர் அளவுக்கு, கார்டு மறுக்கிறது. மனுசன் வெறுங்கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கடைக்காரர் நல்லவர், லிங்க் அனுப்பினார், காசு விழுந்தால் சாமானை பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார். இன்று காலை அந்த லிங்கிலும் மறுத்துவிட்டது.

சிஸ்டத்தில் செலவு 177.93 டொலர் என்றுதான் இருக்கிறது. 322 மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? சீசன் நேரம், ஒரு வள்ளம் கரையில் கிடக்கிறது. இன்னொன்று: ஹோட்டல் பில்லைப் படம் எடுத்துப் போட்டால் செலவு அறிக்கையில் "பொருந்தவில்லை" என்றே நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை.

மூதூர்_வள்ளம்

இது கடை வகைப் பிரச்சினை, தங்கச்சி. எனக்கும் நடந்தது. நீங்கள் "என்ஜின் சாமான்" என்று திறந்து வைத்திருப்பீர்கள், ஆனால் அந்தக் கடை வங்கியில் வேறு வகையில் பதிவாகியிருக்கும். நான் வலை வாங்கிய கடை விளையாட்டுச் சாமான் கடை என்று பதிவாகியிருந்தது. வகைப் பூட்டை எடுத்துவிடுங்கள், போகும்.

உவர்மலை

மூதூர் அண்ணை சொல்வது நடக்கக்கூடியதுதான். கடை என்ன விற்கிறது என்பதைக் கார்டு பார்ப்பதில்லை. அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி போட்ட நாலு இலக்க எண்ணைத்தான் பார்க்கிறது. ஆனால் இங்கே அதுதானா என்று ஊகிக்கத் தேவையில்லை, பூட்டையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். மறுக்கப்பட்ட ஒவ்வொரு முயற்சியும் காரணத்தோடு பதிவாகியிருக்கும். முடிந்த செலவுப் பட்டியலில் அது வராது. கார்டைத் திறந்து, எல்லா நிகழ்வுகளும் என்று இருக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: கடையில் மறுத்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது, ஹோட்டல் பெயரில் எத்தனை வரி இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன நிலையில் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் ஹோட்டலில் கொடுத்த மெஷின் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் வாங்கி வையுங்கள். பில் அல்ல, மெஷினில் இருந்து வரும் சின்னச் சீட்டு.

கிண்ணியாக்காரன்

எனக்கு ஹோட்டலில் வேறு மாதிரி நடந்தது. ஒரு தடவை மட்டும் பாவிக்கும் விர்ச்சுவல் கார்டால் அறை பதிவு செய்தேன், போனதும் ரிசெப்ஷனில் "பதிவு செய்த கார்டைக் காட்டுங்கள்" என்றார்கள். எங்கே காட்டுவது? அந்த எண் அப்போதே செத்துவிட்டது. கடைசியில் சொந்தக் காசு கொடுத்துவிட்டு வந்து ஒரு மாதம் அலைந்தேன். ஹோட்டலுக்கு இந்தக் கார்டே சரிவராது.

உப்புவெளி_கணக்கு

பார்த்தேன். கடை மறுத்ததற்கு `exceeds card limit` என்று இருக்கிறது, இரண்டு முறையும் அதேதான். அப்போ வகைப் பிரச்சினை இல்லை. ஹோட்டல் பெயரில் இரண்டு வரி! ஒன்று செவ்வாய் மாலை, 60,000 ரூபாய், 200.00 டொலர், `PENDING`. மற்றது வியாழன் காலை, 177.93 டொலர், `CLEARED`. முதலாவது வரி செலவுப் பட்டியலில் இல்லவே இல்லை.

அண்ணையின் பர்ஸில் இரண்டு சீட்டும் இருந்தன. மடித்து மடித்துப் பாதி அழிந்துவிட்டது, வாசிக்க முடிந்தது இவ்வளவு:

```
PRE-AUTH   LKR 60,000.00   APPR CODE 418206
SALE       USD 177.93      APPR CODE 730955
```

ஹோட்டல் இரண்டு தரம் காசு எடுத்துவிட்டதா? முறைப்பாடு போடவா?

உவர்மலை

எடுக்கவில்லை. ஒன்று எடுத்தது, மற்றது பிடித்து வைத்தது. உங்கள் பிரச்சினை அந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

அறை எடுக்கும்போது ஹோட்டல் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். இரண்டு இரவுக்கு வாடகை, மேலே கொஞ்சம் முற்பணம், அதுதான் அந்த 60,000 ஆக இருக்க வேண்டும். காசு அப்போது நகராது, ஆனால் கார்டின் லிமிட்டில் 200 டொலர் உடனே குறைந்துவிடும். வெளியே வரும்போது, முதல் பிடித்த ஒப்புதலின் மேலேயே கணக்கை முடிப்பதுதான் முறை. அப்படி முடித்திருந்தால் இரண்டாவது சீட்டிலும் 418206 என்றே வந்திருக்கும், பிடித்த 200 தானாக விலகியிருக்கும். ரிசெப்ஷனில் இருந்தவர் அதைச் செய்யாமல் புதிதாக ஒரு விற்பனை அடித்திருக்கிறார். அதனால்தான் வேறு எண். உங்கள் கார்டைப் பொறுத்தவரை இவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கணக்கு.

இப்போது கூட்டுங்கள்: 200 + 177.93 = 377.93. லிமிட்டில் மிச்சம் 122.07. கடைக்கு 150 தேவை. மறுத்தது சரியான கணக்குத்தான்.

சிஸ்டம் உங்களுக்கு 177.93 மட்டும் காட்டியதற்குக் காரணம், செலவுப் பட்டியலும் அறிக்கையும் உண்மையில் தீர்ந்த கணக்கில் இருந்து மட்டும் வருகின்றன. லிமிட்டோ ஒப்புதல் கேட்ட கணமே குறைகிறது. இரண்டுக்கும் இடையில் நிற்பதுதான் நீங்கள் தேடும் 200.

முறைப்பாடு போட வேண்டாம். பிடித்து வைத்த தொகைக்கு முறைப்பாடு எடுக்க மாட்டார்கள், காசு போனால்தான் எடுப்பார்கள். ஹோட்டலுக்குப் போன் எடுத்து, 418206 என்ற எண்ணையும் திகதியையும் சொல்லி, அந்தப் பிடிப்பை ரத்துச் செய்யச் சொல்லுங்கள். "ரீஃபண்ட் தாருங்கள்" என்று கேட்காதீர்கள், குழப்பிவிடுவார்கள். அவர்கள் செய்யாவிட்டால் அது தானாக விழும்வரை காத்திருக்க வேண்டும். ஹோட்டல் பிடிப்புக்கு 30 நாள் வரையும் இடம் உண்டு. சாமான் அவசரம் என்றால், கடைக்கென்று 160 டொலர் லிமிட்டில் தனியாக ஒரு கார்டு திறந்து இன்றே கட்டுங்கள். இருக்கும் கார்டின் லிமிட்டைக் கூட்டினால் பிறகு குறைக்க மறந்துவிடும்.

மூதூர்_வள்ளம்

அப்போ நான் பூட்டை எடுக்கச் சொன்னது பிழை. காரணத்தைப் பார்க்கலாம் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் என் வலைக்கடைக் கதை உண்மைதான்.

பாலையூற்று_அக்கா

நான் ஒரு நிறுவனத்தில் ஊழியர் செலவு அறிக்கைகள் பார்க்கிறேன். தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சீட்டைத் திரும்பப் பாருங்கள்: பிடித்தது ரூபாயில், எடுத்தது டொலரில்.

இது ரிசெப்ஷனில் நடப்பது. வெளிநாட்டுக் கார்டு என்று கண்டதும் மெஷின் "ரூபாயா, டொலரா" என்று கேட்கும். டொலரைத் தட்டினால் மாற்று விகிதத்தைக் கார்டு நிறுவனம் போடாது, அந்த மெஷினே போடும். பிடித்தபோது 60,000க்கு 200 டொலர் வந்தது, அதாவது டொலருக்கு 300. அதே விகிதத்தில் 51,600க்கு 172.00 தான் வர வேண்டும். உங்களுக்கு 177.93 வந்திருக்கிறது, 290 போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 6 டொலர் சும்மா போயிருக்கிறது.

அறிக்கை பொருந்தாததும் இதனால்தான். ரூபாயில் எடுத்திருந்தால் கணக்கோடு 51,600 என்ற ரூபாய்த் தொகையும் சேர்ந்து வந்திருக்கும், பில்லைப் படம் எடுத்ததும் சிஸ்டம் இரண்டையும் சேர்த்திருக்கும். இப்போது வந்ததில் ரூபாயே இல்லை. பில்லில் டொலர் இல்லை. அது எதை வைத்துச் சேர்ப்பது? நீங்களே கையால் இணையுங்கள், மெஷின் சீட்டையும் படம் எடுத்துப் பில்லோடு வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் கணக்காய்வில் 51,600க்கும் 177.93க்கும் சம்பந்தம் காட்ட வேறு ஒன்றும் கிடையாது. அழியும் தாள், இன்றே எடுங்கள்.

கிண்ணியாக்காரன்

அக்கா, டொலரைத் தட்டாதே என்று முன்கூட்டியே தடுக்க வழி இல்லையா? கார்டில் பூட்டுப் போடலாமே?

பாலையூற்று_அக்கா

கணக்கு எந்த நாணயத்தில் வருகிறது என்பது கார்டுக்குத் தெரியும், ஆனால் நான் பாவித்த சிஸ்டங்களில் அப்படி ஒரு பூட்டைக் கண்டதில்லை. நாங்கள் ஆட்களிடம் "ரூபாய் என்று சொல்" என்று சொல்லி அனுப்புகிறோம்.

உப்புவெளி_கணக்கு

உவர்மலை அண்ணா, அக்கா, நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். கடைக்குத் தனிக் கார்டு திறந்தேன், 160 டொலர், ஒரு கிழமையில் காலாவதி. லிங்கில் உடனே போனது. இம்பெல்லரும் தண்ணீர் பம்ப் கிட்டும் இரவு பஸ்ஸில் வருகின்றன.

ஹோட்டலுக்கு எடுத்தேன். முதலில் பேசியவர் "நாங்கள் ஒரு தரம்தான் எடுத்தோம்" என்றே நின்றார். 418206 என்று எண்ணைச் சொன்ன பிறகு கணக்குப் பகுதிக்கு மாற்றினார், அவர்கள் ரத்துச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் `PENDING` என்றுதான் நிற்கிறது.

முதலாளி இதைக் கேட்டதும் வேறொன்று கேட்கிறார். ஹோட்டலில் அறை வாடகை மட்டும் கார்டில் போக வேண்டும், குடிவகை, லோண்டரி போகக் கூடாது. அப்படி விதி போடலாமா?

உவர்மலை

முடியாது. ஒப்புதல் கேட்கும்போது ஹோட்டலில் இருந்து வருவது தொகை, நாணயம், ஹோட்டலின் பெயர், 7011 என்ற வகை எண், இப்படிச் சில விபரங்கள்தான். பில்லுக்குள் என்ன இருக்கிறது என்று அதில் இல்லை. அறைக்கணக்கில் ஏற்றிய பியரும் 7011 ஆகத்தான் வரும். அதைத் தடுக்கும் இடம் கார்டு அல்ல, அறிக்கை. பில்லை அறை, சாப்பாடு, மற்றது என்று பிரித்துப் பதியச் சொல்லுங்கள், அனுமதிக்காததை ஊழியரின் பேரில் போடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு ஹோட்டலுக்கு ஒரு கார்டு, சாமானுக்கு ஒரு கார்டு என்று பிரித்துவிடுங்கள். ஹோட்டல் கார்டின் லிமிட்டில் பில் தொகையோடு முற்பணத்துக்கும் இடம் விடுங்கள். கிண்ணியாத் தம்பிக்கும் இதுதான்: ஒரு தடவை மட்டும் பாவிக்கும் கார்டை ஹோட்டலுக்குக் கொடுக்காதீர்கள், அங்கே எப்போதும் இரண்டு மூன்று தடவை தட்டுவார்கள். பல தடவை பாவிக்கக்கூடிய, திகதி முடிவு போட்ட கார்டு என்றால் சரி.

உப்புவெளி_கணக்கு

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. மாதம் முடிய இன்னும் நாலு நாள். அந்த 200 அதற்குள் விலகாவிட்டால் அடுத்த மாத 500இலும் குறையுமா?

உவர்மலை

இது ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒவ்வொரு மாதிரி. சிலது ஒப்புதல் கேட்ட திகதியின் மாதத்தோடு விட்டுவிடும், சிலது தீரும்வரை சுமந்துகொண்டு போகும். ஒன்றாம் திகதி காலை அந்தக் கார்டின் மிச்சத்தைப் பாருங்கள். 500 என்றால் விட்டுவிட்டது, 300 என்றால் சுமக்கிறது.

பாலையூற்று_அக்கா

எங்களது சுமக்கும். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள் தங்கச்சி.

உப்புவெளி_கணக்கு

எழுதுகிறேன் அக்கா. இப்போது பார்த்தேன், இன்னும் `PENDING`.